சிம்பன்சியின் உறுமலும் நம் வணக்கமும்

கேள்வி: "ஒரு காணொளியில் இரண்டு சிம்பன்சிகள் கொஞ்ச நாள் கழித்துச் சந்தித்துக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டன. நாம் வணக்கம் சொல்வது, கை கொடுப்பது எல்லாம் அங்கிருந்தே வந்ததா? இல்லை, சும்மா பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதா?"

அந்தக் காணொளியை ஒலியைக் கூட்டி வைத்து இன்னொரு முறை பாருங்கள். முத்தத்துக்குச் சில நொடிகள் முன்பே, இரண்டில் ஒன்று மட்டும் மூச்சு வாங்கியபடி "ஹு-ஹு-ஹு" என்று தாழ்ந்த குரலில் தொடர்ந்து உறுமுவது பெரும்பாலும் கேட்கும். மூச்சை விடும்போது ஓர் உறுமல், இழுக்கும்போது ஓர் ஒலி என்று மாறி மாறி வரும். ஆங்கிலத்தில் இதைப் பேன்ட்-கிரன்ட் என்கிறார்கள். இங்கே மூச்சுறுமல் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டிப்பிடிப்பு நம் கண்ணை இழுக்கிறது, ஏனென்றால் அது நம்முடையதைப் போல இருக்கிறது. ஆனால் சிம்பன்சிகளின் சந்திப்பில் அதிகச் செய்தி இருப்பது இந்த உறுமலில்தான். உங்கள் கேள்விக்கான பதிலையும் அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

மூச்சுறுமலின் முக்கியமான குணம், அது ஒரே திசையில் போவது. தாழ்ந்த நிலையில் இருப்பது உயர்ந்த நிலையில் இருப்பதைப் பார்த்துச் சொல்லும். மேலிருந்து கீழே வருவது மிக மிக அரிது. காட்டில் ஒரு கூட்டத்தின் படிநிலையை எழுதவேண்டிய ஆய்வாளர்கள் சண்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. யார் யாரைப் பார்த்து உறுமினார்கள் என்று ஓர் அட்டவணை போடுகிறார்கள். உறுமலைப் பலரிடம் வாங்கி யாருக்கும் தராதவன் தலைவன். உறுமுகிறவர் உடலைத் தாழ்த்துவார், தலையை மேலும் கீழும் ஆட்டுவார், சிலசமயம் மணிக்கட்டை மடக்கிக் கையை நீட்டுவார், அல்லது திரும்பி நின்று பின்புறத்தைக் காட்டுவார். பயம் கூடக்கூட உறுமல் குரைப்பாகவும், இன்னும் கூடினால் அலறலாகவும் மாறும். எதிரில் இருப்பவர் மயிர் சிலிர்த்துப் பெரிதாகத் தெரிவார். அவர் தொடலாம், வாயோடு வாய் வைக்கலாம், அணைக்கலாம், ஒன்றுமே செய்யாமல் கடந்தும் போகலாம். நீங்கள் பார்த்த முத்தம் இந்த வரிசையின் பின்பாதி. பெரியவர் சின்னவரின் வணக்கத்துக்குத் தந்த பதில் என்று அதைப் படிப்பது பெரும்பாலும் பொருந்தும். இருவருமே சமமாகப் பதறிப்போன தருணங்களிலும் அணைப்பு வரும் என்பதால், அணைப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இது அனிச்சையாக வாயில் வந்துவிடும் ஒலியும் இல்லை. உகாண்டாவின் புடோங்கோ காட்டில் மரியன் லப்போர்ட், கிளாஸ் சூபர்பூலர் என்ற இருவர் பெண் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்து 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓர் ஆண் வரும்போது பெண் உறுமுவாளா மாட்டாளா என்பது, பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதையும் பொறுத்திருந்தது. தலைமை ஆணோ தலைமைப் பெண்ணோ அருகில் இருந்தால், மற்றவர்களுக்குச் சொல்லும் வணக்கத்தை அடக்கிக்கொண்டார்கள். மேலதிகாரி நிற்கும் இடத்தில் அவருக்கு அடுத்தவரைக் கும்பிடத் தயங்கும் மனிதர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒப்புமை சுவையாக இருக்கிறது என்பதற்காகச் சிம்பன்சியின் மனதிலும் அதே கணக்குதான் ஓடுகிறது என்று சொல்லிவிடக் கூடாது. யார் முன்னால் என்பதைப் பொறுத்து வணக்கம் மாறுகிறது என்பது வரைக்கும்தான் அந்தத் தரவு போகிறது.

வணக்கம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு நன்றாகப் பதிவான ஒரு நிகழ்வு, நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்குக் காட்சியகத்தில் 1976-இல் நடந்தது. அங்கே யெரூன் என்ற மூத்த ஆணின் தலைமையை லௌட் என்ற ஆண் பறித்துக்கொண்டான். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த பிரான்ஸ் டி வால் அதை நாள்தோறும் குறித்துவந்தார். மாற்றம் கடியில் தொடங்கவில்லை. லௌட் யெரூனுக்குச் சொல்லிவந்த உறுமலை நிறுத்தினான். பிறகு இருவரும் ஒருவருக்கொருவர் உறுமாத ஓர் இடைக்காலம் வந்தது. மிரட்டலும் மோதலும் மிகுந்திருந்தது அப்போதுதான். கடைசியில் யெரூன் லௌடைப் பார்த்து உறுமத் தொடங்கியபின் பதற்றம் தணிந்தது. இத்தகைய இழுபறிகளில் டி வால் இன்னொன்றையும் கவனித்தார். தோற்றவன் சமாதானத்துக்கு அருகில் வந்தாலும், உறுமலைக் கேட்கும்வரை வென்றவன் அவனைத் தொட விடமாட்டான். கேட்டபிறகுதான் அணைப்பும் பேன் பார்ப்பதும். வணக்கம் முதலில், பாசம் பிறகு. சிம்பன்சி வணக்கத்தை வெறும் அன்பாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் இடம் இது.

இவ்வளவு ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது? சிம்பன்சிகள் ஒரே கூட்டமாக நாள் முழுக்கச் சேர்ந்து திரிவதில்லை. சில பத்துப் பேரோ, நூறைத் தாண்டியோ உள்ள ஒரு சமூகம் பழம் கிடைப்பதைப் பொறுத்துச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்துபோகும், மறுபடி கூடும். பிரிந்திருந்த நேரத்தில் யாரோடு யார் கூட்டு சேர்ந்தார், யார் காயப்பட்டார் என்பதெல்லாம் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சந்திப்பிலும் "நமக்குள் பழைய ஏற்பாடு அப்படியேதானே?" என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மத்திய அமெரிக்காவின் சிலந்திக் குரங்குகளும் இப்படிப் பிரிந்து கூடி வாழ்பவை. மெக்சிகோவின் யுகடான் பகுதியில் பிலிப்போ அவுரெலியும் கொலீன் ஷாஃப்னரும் செய்த ஆய்வில், இரண்டு குழுக்கள் ஒன்றுசேர்ந்த முதல் சில நிமிடங்களில் சண்டை கூடுவது தெரிந்தது. சேரும்போது ஒன்றையொன்று அணைத்துக்கொண்டால் அது குறைந்தது. அந்தக் குரங்குகளின் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவற்றின் அணைப்பும் சிம்பன்சியின் அணைப்பும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்று சொல்வதைவிட, ஒரே சிக்கலுக்கு இரண்டு இடங்களில் கிடைத்த ஒரே மாதிரி விடை என்று சொல்வதே பாதுகாப்பானது. உங்கள் கேள்வியில் இருக்கும் "சும்மா ஒரே மாதிரி" என்பதற்கு இது நல்ல உதாரணம், ஆனால் அந்தச் "சும்மா" மட்டும் பொருந்தாது.

இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கப்பட்டது, ஆப்பிரிக்காவின் பபூன் குரங்குகளில் கடுவன்களின் வணக்கம். கென்யாவில் கில்கில் ஊருக்கு அருகே வாழ்ந்த ஆலிவ் பபூன்களை வைத்து பார்பரா ஸ்மட்ஸும் ஜான் வாட்டனபேயும் 1990-இல் எழுதிய ஆய்வு இன்றும் இத்துறையில் எல்லோரும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பது. வரிசை இப்படிப் போகும். ஒரு கடுவன் கால்களை விறைப்பாக வைத்து, உடலை ஆட்டியபடி, வேகமாக நேராக இன்னொருவனை நோக்கி வருவான். வரும்போதே காதுகளைப் பின்னால் ஒட்டவைத்து, கண்களைச் சுருக்கி, உதடுகளை "சப் சப்" என்று அடிப்பான். சண்டைக்கு வருபவனின் முகம் இப்படி இருக்காது, ஆகவே தூரத்திலேயே நோக்கம் தெரிந்துவிடும். மற்றவன் விரும்பினால் அதே முகத்தைத் திருப்பிக் காட்டுவான். பிறகு ஒருவன் பின்புறத்தைக் காட்ட, மற்றவன் இடுப்பைப் பிடிப்பான், சிலசமயம் மேலே ஏறுவான், சிலசமயம் விரைப்பையையோ குறியையோ தொடுவான். சில நொடிகளில் எல்லாம் முடிந்து இருவரும் வேகமாக விலகிவிடுவார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது மூன்று. ஒன்று, இந்தக் கடுவன்கள் ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பது அனேகமாக இல்லை. ஒருவரையொருவர் சண்டையில்லாமல் தொடும் சந்தர்ப்பம் இந்தச் சில நொடிகள் மட்டுமே. இரண்டு, இது உணவுக்கோ பெண்ணுக்கோ போட்டி நடக்காத, சும்மா இருக்கும் நேரங்களில்தான் அதிகம் நடக்கிறது. அதாவது சண்டையை நிறுத்தச் சொல்லும் வணக்கம் இல்லை, உறவைச் சோதித்துப் பார்க்கும் வணக்கம். மூன்று, ஏறத்தாழ பாதி வணக்கங்கள் பாதியிலேயே முறிந்துபோகின்றன. ஒருவன் கடைசி நொடியில் விலகுவான்; அல்லது யார் பிடிப்பது, யார் பின்புறம் காட்டுவது என்பதிலேயே இருவரும் சுற்றிச் சுற்றி வருவார்கள். இப்படி முறிவது பெரும்பாலும் இளம் கடுவன்களிடையே. அவர்களுக்குள் படிநிலை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆகவே தாழும் பாத்திரத்தை ஏற்க யாருக்கும் மனமில்லை. வயதானவர்களிடையே வணக்கம் அமைதியாக முழுமையடையும். அலெக்சாண்டர், போஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட இரண்டு கிழட்டுக் கடுவன்கள் ஒரு படி மேலே போனார்கள்: ஒருமுறை இவன் பிடித்தால் அடுத்தமுறை அவன் பிடிப்பான், முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். இளையவர்களின் பிடியிலிருந்து பெண்களைப் பறிக்கச் சேர்ந்து போராடிய கூட்டாளிகளும் இவர்கள்தான்.

கோரைப்பல் கத்திபோல் இருக்கும் ஒரு விலங்கின் கைக்கு எட்ட விரைப்பையை விடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்தால், இந்தச் சடங்கு ஏன் இப்படி வளர்ந்தது என்பதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. பொய்யாகச் செய்ய முடியாத அளவுக்கு ஆபத்தானதால்தான் அது நம்பிக்கையின் சோதனையாக வேலை செய்கிறது என்பார்கள். எனக்கு இது நல்ல விளக்கமாகவே படுகிறது. ஆனால் அது விளக்கம்தான்; மேலே சொன்ன வரிசையும் முறிவும் போலக் கண்ணால் எண்ணிப் பெற்றது அல்ல. கோஸ்டாரிகாவின் வெண்முகக் கப்புச்சின் குரங்குகளிடம் சூசன் பெர்ரி பதிவு செய்ததும் இதே வகை. ஒன்று மற்றதன் விரலை எடுத்துத் தன் கண்ணிமைக்கும் விழிக்கும் நடுவே நுழைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். இது எல்லாக் கூட்டத்திலும் கிடையாது, சிலவற்றில் மட்டும். அருகருகே வாழும் கூட்டங்கள் ஒன்றின் கையை மற்றது முகர்வது போன்ற வெவ்வேறு வழக்கங்களை வைத்திருக்கின்றன, சில வழக்கங்கள் சில ஆண்டுகள் இருந்து மறைந்தும் போயின. கைகூப்பு, கைகுலுக்கல், மூக்கோடு மூக்கு உரசல் என்று மனிதர்களிடம் ஊருக்கு ஊர் மாறும் வடிவங்களைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி உதவும். சைகையின் வடிவம் கற்றுக்கொள்ளப்படலாம், கைவிடப்படலாம். அதைத் தேடவைக்கும் தேவைதான் நிலைத்து நிற்கிறது.

வடிவத்திலேயே ஒரு பழைய தொடர்ச்சி இருக்கிறதா என்று கேட்டால், மிக வலுவான உதாரணம் புன்னகைதான். நெதர்லாந்தின் யான் வான் ஹூஃப் 1972-இல் சொன்ன கருத்து: குரங்குகள் ஒலியெழுப்பாமல் உதட்டை விரித்துப் பல்லைக் காட்டுவதும் நம் புன்னகையும் ஒரே வேரிலிருந்து வந்தவை, வாயைத் தளர்வாகத் திறந்து விளையாடும் முகமும் நம் சிரிப்பும் வேறொரு வேர். ரீசஸ் குரங்குகளிடம் பல் காட்டுவது கீழிருந்து மேலே மட்டும் போகும், தெளிவான பணிவு. இந்தோனேசியாவின் டோங்கியன் குரங்குகளிடம் அதே முகம் இரு திசையிலும் போகும், நட்புக்கும் பயன்படும். இரண்டும் ஒரே பேரினம். வேறுபாடு சமூகத்தில் இருக்கிறது: ரீசஸ் கூட்டத்தில் படிநிலை கடுமையானது, டோங்கியனில் தளர்வானது. மேலே இருப்பவன் கடிப்பான் என்ற பயம் குறையும்போது "என்னை விட்டுவிடு" என்ற முகம் "நமக்குள் ஒன்றுமில்லை" என்ற முகமாக மாற இடம் கிடைக்கிறது. தமிழில் பல்லிளிப்பது என்ற சொல்லைக் கெஞ்சுவதற்கும் கூழைக்கும்பிடுக்கும் வைத்திருக்கிறோமே, பழைய பொருள் அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கிறது. இதன் மறுபக்கம், விளம்பரப் படங்களில் "சிரிக்கும்" சிம்பன்சி பெரும்பாலும் பயந்துபோன சிம்பன்சி.

புருவத்தை வைத்து இதே வாதத்தைச் செய்ய முடியாது. மனிதர்கள் தெரிந்தவரைத் தூரத்தில் பார்த்ததும் புருவத்தைச் சட்டென்று உயர்த்தி இறக்குவார்கள். இரெனாஸ் ஐபல்-ஐபஸ்ஃபெல்ட் இதைப் பசிபிக் தீவுகள் முதல் அமேசான் காடு வரை படம்பிடித்தார். புருவம் மேலே நிற்பது ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. உலகெங்கும் பரவலாக இருப்பதால் மிகப் பழையது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பபூன்களும் பல குரங்குகளும் புருவத்தைத் தூக்கி வெளிறிய இமையைக் காட்டுவது மிரட்டுவதற்கு. மிரட்டல் நட்பாகத் தலைகீழானதா, இரண்டும் தனித்தனியா என்பதற்கு இன்று உறுதியான விடை இல்லை. கைகுலுக்கலும் அப்படித்தான். சிம்பன்சி கையை நீட்டுவது உண்மை. தான்சானியாவின் மஹாலேயில் இரண்டு சிம்பன்சிகள் கையைத் தலைக்கு மேல் கோத்துக்கொண்டு பேன் பார்ப்பது 1978-இல் வெளியிடப்பட்டதும் உண்மை. ஆனால் அந்தக் கைகோப்பு சந்திப்பில் நடப்பதல்ல, சில சமூகங்களில் மட்டும் இருக்கும் பேன் பார்க்கும் வழக்கம். படத்தை வைத்து அதைக் கைகுலுக்கலின் தாத்தா என்பவர்களை நம்பாதீர்கள்.

மனிதர் பக்கம் வந்தால், சொல்லை எடுத்துவிட்டு உடலை மட்டும் பார்ப்பது நல்லது. ஆடம் கெண்டனும் ஆண்ட்ரூ ஃபெர்பரும் 1973-இல் அப்படிச் செய்தார்கள். வெளியில் நடந்த ஒரு பிறந்தநாள் விருந்தைப் படமெடுத்து, விருந்தாளிகள் சந்திக்கும் ஒவ்வொரு கணத்தையும் பிரித்தார்கள். முதலில் கண்ணில் படுவது. தூரத்திலிருந்தே ஒரு தலையசைப்பு அல்லது கையசைப்பு. பிறகு நடந்து வரும்போது பார்வையை விலக்கிக்கொள்வது, உடையையோ முடியையோ தொட்டுச் சரிசெய்வது. மிக அருகில் வந்ததும் மறுபடி கண்ணைப் பார்த்துப் புன்னகை, சொல், தொடுகை. பபூன் கடுவனும் தூரத்தில் முகத்தால் அறிவித்து, நெருங்கி, தொட்டு, விலகுகிறான். இரண்டு கட்டங்களாக நடப்பதன் காரணம் இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம்: கடிக்கவோ அடிக்கவோ எட்டும் தூரத்துக்குள் வருவதற்கு முன்பே நோக்கம் தெரிந்துவிட வேண்டும்.

திசையும் நம்மிடம் அழியவில்லை. செனெகலின் ஓலோஃப் மக்களிடம் ஜூடித் இர்வின் 1974-இல் விவரித்த வழக்கப்படி, வணக்கத்தை முதலில் தொடங்குகிறவர் தாழ்ந்தவர். அதைத் தெரிந்தே சிலர் வேண்டுமென்று முந்திக்கொள்வார்கள், ஏனென்றால் உயர்ந்தவராகிவிட்டால் கேட்டவருக்குக் கொடுக்கவேண்டிய கடமையும் வந்துவிடும். சிம்பன்சியிடம் இல்லாதது இந்த இடம்தான். படிநிலைக் குறியை நாம் விளையாட்டுக் காயாக எடுத்து நகர்த்துகிறோம், இருவரும் ஒரே நேரத்தில் தாழ்ந்துகொள்ளவும் செய்கிறோம். சிம்பன்சிகளில் இருவரும் ஒருவருக்கொருவர் மூச்சுறுமல் சொல்வது வழக்கமில்லை. மனிதர்களில் இருவரும் கைகூப்புவது சாதாரணம்.

சிம்பன்சி அளவுக்கே நமக்கு நெருங்கிய வாலில்லாக் குரங்கான போனோபோவைச் சேர்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. ராஃபேலா ஹீசனும் கூட்டாளிகளும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாடவோ பேன் பார்க்கவோ தொடங்குமுன் பார்வையும் சைகையும் பரிமாறிக்கொள்வது போனோபோக்களில் 90 சதவீதமும் சிம்பன்சிகளில் 69 சதவீதமும் இருந்தது. போனோபோக்களில் நெருங்கியவர்களுக்கு இந்த முன்னுரை சுருங்கியது, பழகியவரிடம் நாமும் "என்ன?" என்று மட்டும் கேட்டுத் தொடங்குவதைப் போல. அவை செயலை முடிக்கும்போதும் சைகை காட்டின. ஆனால் அது செயலை முடிப்பதற்கான குறி. ஒருவரைவிட்டு ஒருவர் காட்டுக்குள் பிரிந்துபோகும்போது சந்திப்புக்கு இணையான ஒரு விடைபெறும் சடங்கு குரங்குகளிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் தெளிவாக நிறுவப்படவில்லை. இதிலிருந்து ஒரு ஊகம் செய்யலாம்: வணக்கம் பழையது, "போயிட்டு வரேன்" புதிது. பிரிவுக்கு முன்பே அடுத்த சந்திப்பை நினைத்து அதற்கு இப்போதே ஒரு சொல் வைக்க, வேறு வகையான தலை வேண்டியிருக்கலாம்.

ஆகவே என் மதிப்பீடு இது. பிரிந்து சேரும்போது சடங்கு வேண்டியிருப்பதும், அது தூரத்திலும் அருகிலும் இரண்டு கட்டமாக நடப்பதும், அதில் யார் மேலே என்ற கேள்வி ஒளிந்திருப்பதும் மனிதருக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதையிடமே, அதாவது 60 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே, இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புன்னகையின் வேர் அதைவிடவும் பழையது என்பதற்கு ஆதாரம் நன்றாகவே இருக்கிறது. கைகுலுக்கல், கைகூப்பு, புருவ அசைவு ஆகியவற்றைக் குறிப்பிட்ட ஒரு குரங்குச் சைகையோடு கோடு போட்டு இணைப்பதற்கு ஆதாரம் போதாது. சைகைகள் எலும்பில் பதிவதில்லை, ஆகவே உயிரோடிருக்கும் இனங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

நீங்களே பார்க்க விரும்பினால் சிம்பன்சி வேண்டியதில்லை. கோயில் வாசலில் திரியும் நாட்டுக் குரங்குகளே போதும். இரண்டு பெரிய கடுவன்கள் நெருங்கும்போது உதடு சப்புகிறதா, பல் காட்டுகிறதா, எது முதலில் செய்தது, எது விலகியது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டுவாருங்கள். அம்புகள் பெரும்பாலும் ஒரே பக்கம் போனால் படிநிலை தெரியும். இரு பக்கமும் போனால் அந்த இருவரையும் தனியாகக் குறித்துவைத்து, அடுத்த சண்டையில் அவர்கள் ஒரே பக்கம் நிற்கிறார்களா என்று பாருங்கள். நாலைந்து மீட்டர் தள்ளி நின்றே பாருங்கள், கண்ணுக்குக் கண் உற்றுப் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். உற்றுப் பார்ப்பது அவற்றின் மொழியில் மிரட்டல்.